சடைமுடிக்குச் சாயம்: தலைத்தோலில் படாமலும் உள்ளே கசடு தங்காமலும்

கேள்வி: "சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். இரண்டு வருடமாக டிரெட்லாக்ஸ் வளர்க்கிறேன், தோளுக்குக் கீழே வந்துவிட்டது. தீபாவளிக்குள் கீழ்ப்பாதிக்கு மட்டும் செம்பு நிறத்தில் டை அடிக்க ஆசை. முன்பு ஒரு முறை டை தலைத்தோலில் பட்டு அரித்தது. உள்ளே டை தங்கினால் நாறும் என்று நண்பர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். வீட்டிலேயே எப்படிச் செய்வது? தங்கையின் பின்னலுக்கும் இதே முறைதானா?"

பதில்:

முறையைச் சொல்வதற்கு முன் அந்த அரிப்பைப் பற்றிப் பேச வேண்டும், தம்பி. சாயம் தலையில் இருக்கும்போதே எரிந்து, அலசியவுடன் சில மணி நேரத்தில் அடங்கிவிட்டதென்றால் அது பெரும்பாலும் மருந்தின் காரத்தால் வந்த எரிச்சல். அப்படியல்லாமல், சாயம் போட்ட அன்று ஒன்றும் தெரியாமல் மறுநாளோ அதற்கும் மறுநாளோ அரிப்பு தொடங்கி, காதோரம், பிடரி, கண்ணிமை ஆகிய இடங்கள் சிவந்து வீங்கியோ நீர் கோத்தோ இருந்தால் அது ஒவ்வாமை. கறுப்பு, பழுப்பு, செம்பு போன்ற நிரந்தரச் சாயங்களில் இருக்கும் பாராஃபெனிலீன்டையமின் என்ற பொருளும் அதன் உறவுப் பொருள்களும்தான் இதற்கு வழக்கமான காரணம். இந்த இரண்டாவது வகையாக இருந்தால், தலைத்தோலில் படாமல் போடும் திறமை எதுவும் உங்களைக் காப்பாற்றாது. சடையின் நுனி நாள் முழுவதும் கழுத்தையும் தோளையும் தொட்டுக்கொண்டிருக்கிறது, அலசும் நீர் முதுகில் வழிகிறது. ஒவ்வாமை வந்த உடம்பு அடுத்த முறை இன்னும் கடுமையாக எதிர்க்கக்கூடும். எனவே அது எந்த வகை என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், வீட்டில் சோதித்துப் பார்க்காமல் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். கிளினிக்கில் கேட்டால் பொது மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். நான் சலூன்காரி, அந்த முடிவை நான் சொல்ல முடியாது. கீழே எழுதுவதெல்லாம் அது வெறும் எரிச்சல்தான் என்று உறுதியானவர்களுக்கு.

நீங்கள் கேட்ட இரண்டு தொல்லைகளுக்கும், அதாவது சாயம் தலைக்கு ஏறுவதற்கும் உள்ளே தங்குவதற்கும், மூலம் ஒன்றுதான். சடை என்பது விளக்குத் திரியைப் போன்றது. நூற்றுக்கணக்கான முடிகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் அந்த இடுக்குகள், ஓடக்கூடிய எதையும் தாமாகவே உறிஞ்சும், உறிஞ்சியதை மேல்நோக்கியும் இழுக்கும். விரித்த முடியில் சாயத்தைத் தடவினால் அது தடவிய இடத்தில் நிற்கிறது. சடையில் தடவினால் பாதி உள்ளே போகிறது. உள்ளே போனதை வெளியே கொண்டுவருவது, போட்டதைவிடப் பல மடங்கு வேலை. ஆகவே சடைக்குச் சாயம் போடும்போது நான் பிடித்துக்கொள்ளும் விதி, மேற்பட்டையை மட்டும் நிறமாக்க வேண்டும், உள்ளே இருக்கும் நடுத்தண்டைக் கறுப்பாகவே விட்டுவிட வேண்டும் என்பதுதான். கண்ணுக்குத் தெரிவது மேற்பட்டை மட்டுமே. இணையத்தில் வரும் காணொளிகளில் சடையைக் கிண்ணத்துச் சாயத்தில் முக்கி ஊறவைத்து, "நன்றாக உள்ளே இறங்கட்டும்" என்று பிசைகிறார்களே, அதை நான் அறவே ஒத்துக்கொள்வதில்லை.

உள்ளே இறங்கினால் என்னவாகும் என்பதைச் செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு பையன் என்னிடம் வந்தபோது கண்ணால் பார்த்தேன். பெட்டியில் வரும் கெட்டியான க்ரீம் சாயத்தைக் கைநிறைய எடுத்துச் சடை சடையாகப் பிசைந்து, எல்லாவற்றையும் உச்சியில் குவித்துக் கொண்டை போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்திருக்கிறான். குளியலறையில் அலசியிருக்கிறான், நீர் தெளிந்ததும் போதும் என்று நிறுத்தியிருக்கிறான். சில வாரங்கள் கழித்து, தலை காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, மழையில் நனைந்தால் மட்டும் ஒரு மருந்து வாடை அடிக்கிறது என்று வந்தான். ஒரு சடையை வெந்நீரில் ஊறவைத்து, வெள்ளைத் துண்டில் வைத்து இறுக்கிப் பிழிந்தேன். முதலில் பழுப்பு நீர் வந்தது. இரண்டாம் பிழியில் அரிசி கழுவிய நீர் போல வெளுத்து, விரலுக்கிடையே வழுக்கும் ஒரு கொழகொழப்பு வந்தது. பழுப்பு நீர் சாயம், வெளுத்த கொழகொழப்பு அந்த க்ரீமை க்ரீமாக வைத்திருக்கும் மெழுகுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருள். சாயம் காலப்போக்கில் கரைந்து போனாலும், இந்தக் கொழுப்பு உள்ளேயே தங்கித் தூசியையும் வியர்வையையும் பிடித்துச் சாம்பல் நிறக் கசடாக மாறுகிறது. உச்சியில் குவித்து வைத்ததால் சாயம் வடிந்து, தலைத்தோலிலும் திட்டுத் திட்டாகக் கறை இருந்தது. பல நாள் ஊறவைத்து அலசித்தான் அதை ஓரளவு சரி செய்ய முடிந்தது, சில சடைகளின் நடுவில் அந்தச் சாம்பல் நிறம் இன்றும் இருக்கிறது.

இதிலிருந்து எந்தச் சாயம் வாங்குவது என்பது தெளிவாகும். க்ரீம் வேண்டாம். நீர்த்தன்மையுள்ள திரவச் சாயம் அல்லது ஜெல் சாயம் வாங்குங்கள், அவை அலசும்போது எளிதில் வெளியேறும். சாயத்தோடு கலக்கும் டெவலப்பரும் பால் போன்ற க்ரீமாக இல்லாமல் தெளிந்த நீர் வகையாக இருந்தால் நல்லது. அது 20 வால்யூம், அதாவது 6 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதாக இருக்கட்டும், அதற்கு மேல் போக வேண்டாம். அதிலும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய கறுப்பு முடியில் 20 வால்யூம் ஓரிரு படிதான் நிறத்தைத் திறக்கும். பெட்டியின் மேலிருக்கும் பெண்ணின் செம்பு நிறம் உங்களுக்கு வராது. நிழலில் கரும்பழுப்பாகவும் வெயிலில் செம்மையாகவும் தெரியும் ஒரு நிறம் வரும். பளிச்சென்ற செம்பு வேண்டுமென்றால் முதலில் ப்ளீச் செய்து வெளுக்க வேண்டும், அதைச் சடையில் வீட்டில் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ப்ளீச் தூள் சடைக்குள் சிக்கினால் ஈரம் இருக்கும்வரை தன் வேலையைத் தொடரும், முடி உள்ளிருந்து நொய்ந்து, சில மாதம் கழித்து அந்த இடத்தில் சடை மெலிந்து அறுந்து விழும்.

"அம்மோனியா இல்லாதது" என்று எழுதியிருந்தால் சடைக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மோனியா கடுமையாக நாறும், ஆனால் ஆவியாகிப் போய்விடும். அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் சேர்க்கப்படும் எத்தனோலமைனின் வாடை மிகக் குறைவு, ஆனால் அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது, அலசித்தான் எடுக்க வேண்டும். விரித்த முடிக்கு இது பெரிய விஷயமல்ல. சடைக்குள் தங்கிவிட்டால், வாடை அவ்வளவாக வராததால் தங்கியிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எதை வாங்கினாலும், பெட்டியில் NOT என்று தொடங்கி K என்று முடியும் சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாசார் மாலாமில் பெயர் தெரியாத பொட்டலத்தில் விற்பதை வாங்க வேண்டாம்.

சாயம் போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும். அன்று கண்டிஷனர் சேராத, கசடு நீக்கும் தெளிந்த ஷாம்பூவால் இரண்டு முறை தலை கழுவி, முழுவதும் உலரவிடுங்கள். இரண்டு வருடமாக வேரை முறுக்குவதற்கு மெழுகோ கெட்டி ஜெல்லோ போட்டிருந்தீர்களென்றால் அந்தப் படலத்தின் மேல் சாயம் பிடிக்காது, திட்டுத் திட்டாகத்தான் வரும். அன்றைக்கே முழங்கையின் உட்புறத்தில், பெட்டியில் இருக்கும் தாளில் சொல்லியிருக்கிற முறைப்படி சிறிது சாயத்தைத் தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அத்தோடு விட்டுவிட வேண்டும். சில சாயங்கள் முன்பு ஒத்துக்கொண்டு பிறகு ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு, ஆகவே ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். கூடவே பிடரிப் பக்கத்தில் மறைவாக இருக்கும் ஒரு மெல்லிய சடையின் நுனியில் மூன்று விரற்கடை அளவு சாயமிட்டுப் பாருங்கள். உங்கள் முடியில் வரப்போகும் நிறத்தை அந்த நுனிதான் சொல்லும், என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. இந்த இரண்டு நாளும் தலையைச் சொறியவோ எண்ணெய் வைக்கவோ வேண்டாம்.

போடும் நாளில், காலையிலேயே தொடங்குங்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் மழை வந்தால் சடை காயாது, அதைப் பிறகு சொல்கிறேன். நெற்றியோரம், காது, பிடரி, தோள் ஆகிய இடங்களில் தோலின் மேல் மட்டும் வாசலின் மெல்லியதாகப் பூசுங்கள். சடையின் மேலோ வேரிலோ அதைப் பூசக் கூடாது. தலைத்தோலைக் காக்கிறோம் என்று சடையின் வேரெல்லாம் வாசலின் அப்பிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எந்த ஷாம்பூவுக்கும் எளிதில் அசையாது, சாயத்தைவிடப் பெரிய கசடு அதுதான். வேரைக் காக்க நீரே போதும். சாயம் தொடங்க வேண்டிய எல்லையில் ஒவ்வொரு சடைக்கும் ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாகப் போட்டு, அதற்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தை நீர்த் தெளிப்பானால் நன்றாக நனைத்துவிடுங்கள். இடுக்குகளில் ஏற்கெனவே நீர் நிறைந்திருந்தால் சாயத்தை மேலே இழுக்க இடமிருக்காது. கீழ்ப்பாதி மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும்.

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்குங்கள், உலோகப் பாத்திரம் வேண்டாம். உங்கள் நீளத்துக்கு இரண்டு பெட்டி தேவைப்படலாம், ஆனால் முதலில் ஒன்றை மட்டும் கலக்குங்கள். கலந்த சாயம் நேரமாக ஆகத் தன் வலிமையை இழக்கும், சடைக்கு நேரமும் கூடுதலாக எடுக்கும். தூரிகைக்குப் பதிலாகப் பாத்திரம் துலக்கும் புதிய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அதைச் சாயத்தில் தொட்டு, கையுறை அணிந்த கையால் கிண்ணத்தின் விளிம்பில் லேசாகப் பிழிந்துகொள்ளுங்கள். பஞ்சை மடித்து, அதற்கு நடுவில் சடையை வைத்து, வளையத்திலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் மேற்பட்டை முழுவதும் ஈரமாக மினுங்க வேண்டும், ஆனால் நுனியில் சொட்டு விழக் கூடாது. சொட்டினால் சாயம் அதிகமென்று பொருள், ஒரு காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். பிசைய வேண்டாம், உள்ளங்கையில் உருட்டவும் வேண்டாம். போட்டு முடித்த நான்கைந்து சடைகளைச் சேர்த்து அலுமினியத் தாளில் சுற்றி, முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். தலைக்கு மேல் தூக்கிக் கட்டக் கூடாது, அந்தப் பையனின் தலைத்தோலில் கறை பட்டது அதனால்தான். பிடரிப் பக்கத்தை வேறொருவர்தான் போட்டுவிட வேண்டும், தனியாகச் செய்தால் அங்கேதான் தோலில் படும்.

நேரத்தைக் கடைசிச் சடை முடிந்ததிலிருந்து கணக்கிட்டு, தாளில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். கூடுதலாக வைத்தால் நிறம் கூடும் என்று எண்ண வேண்டாம், அந்த நேரத்துக்குள் வேதிவினை ஏறத்தாழ முடிந்துவிடும், பிறகு நடப்பது முடிக்குச் சேதம் மட்டுமே.

அலசுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி, இதற்குச் சாயம் போட்ட நேரத்தைவிட அதிகமாக ஒதுக்குங்கள். நீங்கள் கீழ்ப்பாதிக்குத்தானே போடுகிறீர்கள், தலைத்தோலில் படும் ஆபத்து சாயமிடும்போது குறைவு, அலசும்போதுதான் அதிகம். ஷவரின் கீழ் நின்று தலையிலிருந்து நீர் ஊற்றாதீர்கள். குனிந்து, ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் சாயமிட்ட பகுதியை மட்டும் விட்டு, ஒரு கையில் நான்கைந்து சடைகளாகப் பிடித்து மேலிருந்து நுனியை நோக்கிப் பிழியுங்கள். நீர் நிறம் மாறியதும் கொட்டிவிட்டுப் புது நீர் எடுங்கள். வாளி நீர் தெளிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. அந்தப் பையன் ஏமாந்தது இங்கேதான், ஏனென்றால் முதலில் தெளிவது மேற்பட்டை மட்டும். பத்து நிமிடம் புது நீரில் அப்படியே ஊறவிட்டு, பிறகு ஒரு தடித்த சடையை வெள்ளைக் காகிதத் துண்டில் வைத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். காகிதத்தில் நிறமும் இருக்கக் கூடாது, பிழிந்த நீரை விரலால் தேய்த்தால் வழுக்கவும் கூடாது. வழுக்கினால் காரமோ க்ரீமோ இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படியானால் மறுபடியும் ஊறவைத்துப் பிழிய வேண்டும். இந்த இரண்டு சோதனையும் தேறிய பிறகுதான் ரப்பர் வளையங்களை வெட்டி எடுத்து, தெளிந்த ஷாம்பூவால் தலை முழுவதையும் கழுவலாம். பெட்டியில் கொடுக்கும் கண்டிஷனர் பொட்டலத்தைச் சடைக்குப் போட வேண்டாம், சாயத்தில் தவிர்த்த அதே கொழுப்பு அதில் இருக்கிறது, போதாக்குறைக்கு சிலிகோனும் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து சாயமிட்ட பகுதியை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, பிறகு நல்ல நீரில் அலசிவிடுங்கள். சாயத்தின் காரம் அதில் தணியும், முடியின் மேலோடும் படியும்.

தோட்டத்து வீட்டில் கிணற்று நீரோ ஆற்று நீரோ வருமானால் ஒன்றைக் கவனியுங்கள். நீர் பிடித்து வைத்த வாளியில் செம்பழுப்புப் படிவு தெரிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அதுவும் சடையில் படியும், நிறத்தையும் மங்கலாக்கும். அன்று ஒரு நாளுக்காவது குழாய் நீர் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய் அலசுவது நல்லது.

உலர்த்துவதில் அவசரமும் வேண்டும், முழுமையும் வேண்டும். துவாலையின் பஞ்சு சடையில் ஒட்டும், ஆகவே பழைய டீசட்டையால் சுற்றிப் பிழியுங்கள். பிறகு மின்விசிறிக்கு எதிரே விரித்துவிட்டு உட்காருங்கள். மேலே காய்ந்ததாகத் தோன்றினாலும் தடித்த சடையின் நடுத்தண்டு நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாள்வரை ஈரமாக இருக்கலாம். நடுவில் அழுத்திப் பிடித்தால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு கட்டிக்கொண்டு படுத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். "டை நாறுகிறது" என்று பலர் சொல்வது உண்மையில் இந்தப் பூஞ்சை வாடைதான். இரண்டையும் பிரித்தறிவது எளிது. நனைந்தவுடன் மருந்து வாடை வந்தால் சாயம் தங்கியிருக்கிறது, ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். காயாத துணியின் மக்கல் வாடை வந்தால் பிரச்சினை அலசலில் இல்லை, உலர்த்தலில்.

பின்னாளில் கசடு நீக்க வேண்டுமென்று ஆப்பசோடா நீரில் ஊறவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சாயமிட்ட சடைக்கு அது வேண்டாம். அதன் காரத்தில் முடியின் மேலோடு விரியும், கழுவக் கழுவச் சாயமும் சேர்ந்து போகும், அதிலும் சிவப்புச் சாயல்தான் முதலில் போகும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரைக்கவிட்டு ஊற்றுவது அதைவிடப் பயனற்றது. நுரை அடங்கியதும் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், தலைக்கு மிஞ்சுவது உப்பு நீர்தான். வாரம் ஒரு முறை தெளிந்த ஷாம்பூவை நீரில் கரைத்து ஊற்றிப் பிழிவதே போதும்.

மருதாணி பற்றி யாராவது நிச்சயம் சொல்வார்கள். அரைத்த இலையோ பொடியோ சடைக்குள் போனால் அதன் துகள் வெளியே வராது. விரும்பினால் கொதிக்கவைத்த நீரில் பொடியைக் கலந்து ஊறவைத்து, மெல்லிய துணியில் இரு முறை வடிகட்டி, அந்த நீரை மட்டும் பஞ்சால் தடவலாம். கறுப்பு முடியில் அதன் நிறம் வெயிலில் மட்டும் லேசாகத் தெரியும். "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் பெரும்பாலும் நான் முதலில் சொன்ன அந்த ஒவ்வாமைப் பொருளே சேர்ந்திருக்கும், இயற்கை என்று நம்பிப் போட வேண்டாம்.

தங்கையின் பின்னலுக்கு இந்த முறை பொருந்தாது, அவருக்கு வேலை இதைவிட எளிது. அவருடைய சொந்த முடிதான் பின்னலாக இருக்கிறதென்றால், பின்னலை அவிழ்த்துச் சாயம் போட்டு, அலசி, முழுவதும் உலர்ந்த பிறகு மறுபடி பின்னிக்கொள்வதே சரி. பின்னலின் மேலேயே போட்டால் முடிக்கற்றைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் சாயம் எட்டாது, அவிழ்க்கும்போது வரிவரியாகக் கறுப்பு தெரியும். தலையோடு ஒட்டி இறுக்கமாகப் பின்னியிருந்தால் வகிடு முழுவதும் தோல் திறந்து கிடக்கும், இழுபட்டுப் புண்ணாகவும் இருக்கலாம், அந்த நிலையில் சாயம் போடவே கூடாது. சவுரி சேர்த்துப் பின்னியிருந்தால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். செயற்கை இழையில் முடிச் சாயம் ஏறாது, அவருடைய முடி மட்டும் நிறம் மாறி, சவுரி கறுப்பாகவே நிற்கும். அதற்கு நிறமேற்றிய சவுரியையே வாங்கிப் பின்னிக்கொள்ளலாம், சாயமே தேவையில்லை. மருத்துவர் உங்களுக்குச் சாயம் கூடாது என்று சொல்லிவிட்டால், நிறமேற்றிய செயற்கை இழையை உங்கள் சடைகளின் கீழ்ப்பாதியில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டலாம். தீபாவளி முடிந்து அவிழ்த்துவிடலாம், ஆனால் அதுவரை தலை கழுவும் நாள்களில் அந்த இழைக்கு அடியில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.